காலடிச் சத்தம் கேட்கிறது, ஆனால் எந்தப் பக்கம்? அறிகுறி பார்த்து ஹெட்செட்டைச் சரிசெய்வது

போன மாதம் ஊரிலிருந்து சித்தி பையன் வந்திருந்தான். வாலரண்ட் ஆடுகிறவன். புதிதாக வாங்கிய யூஎஸ்பி ஹெட்செட், பெட்டி மேல் பெரிதாக 7.1. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. "அண்ணா, சத்தம் நல்லாத்தான் கேக்குது. முன்னாடி வர்றான்னு நினைச்சு நிப்பேன், பின்னாடி வந்து சுட்டுட்டுப் போயிடுறான்" என்றான். அன்று மாலை முழுக்க அந்த ஹெட்செட்டோடு உட்கார்ந்தோம். அதே வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 11, வாலரண்ட், சிஎஸ்2 இவற்றை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஷூட்டர்களில் மெனுவின் பெயர் மாறும், காரணங்கள் மாறாது.

ஒவ்வோர் அறிகுறியும் தனித் தலைப்பில் இருக்கிறது. உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் சோதிக்கும் முறையை மட்டும் படித்துவிடுங்கள். அது இல்லாமல் எதை மாற்றினாலும் "கொஞ்சம் பரவாயில்ல மாதிரி இருக்கு" என்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

முதலில், சோதிப்பது எப்படி

நண்பர் ஒருவரை அழைத்து கஸ்டம் கேம் ஒன்றைத் திறந்து, அவரை எதிரணியில் போடுங்கள். சமதளமான, திறந்த இடமாகப் பார்த்து நீங்கள் அசையாமல் நில்லுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் உங்களுக்கு முன்னால், பின்னால், இடது, வலது என்று ஏதாவது ஒரு பக்கம் போய் நான்கைந்து அடி ஓட வேண்டும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது ஷிஃப்டை அழுத்தி நடக்க வேண்டும், அப்போது சத்தம் வராது. தூரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்ல, அவர் ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார். 20 தடவை.

கண்ணை மூடிக் குருட்டாம்போக்கில் சொன்னாலே 20-இல் 5 சரியாக வந்துவிடும். ஆகவே 8, 9 என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. மொத்த மதிப்பெண்ணை விட எதில் தவறு என்பதே முக்கியம். இடது வலதே மாறுகிறதா, அல்லது அவை சரியாக இருந்து முன் பின் மட்டும் மாறுகிறதா? இந்த இரண்டுக்கும் காரணங்கள் முற்றிலும் வேறு.

வாலரண்டில் ஓடும்போது மினிமேப்பில் உங்களைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். உங்கள் சத்தம் எட்டும் எல்லை அது. சோதனையில் நண்பர் தன் மினிமேப்பைப் பார்த்து, நீங்கள் நிற்கும் இடம் அந்த வட்டத்துக்குள் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வட்டத்துக்கு வெளியே விளையாட்டு அந்தச் சத்தத்தை உங்களுக்குத் தருவதே இல்லை. எத்தனை ஆயிரம் ரூபாய் ஹெட்போன் போட்டாலும் இல்லாததைக் கேட்க முடியாது.

சித்தி பையனுக்கு முதல் சோதனையில் 20-க்கு 11. இடது வலது பத்தில் ஒன்பது சரி. முன் பின் பத்தில் இரண்டு. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால்கூட இதற்குக் குறையாது.

அறிகுறி: இடது வலதே தெரியவில்லை, எல்லாம் நடு மண்டையில் கேட்கிறது

இது பெரும்பாலும் மோனோ. முதலில் விண்டோஸில் Settings, System, Sound போய் `Mono audio` அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காது கேட்காதவர்களுக்காக வைத்திருக்கும் வசதி அது. வீட்டில் யாராவது எப்போதோ தட்டிவிட்டிருக்கலாம்.

அது சரியாக இருந்தால், ஹெட்செட் ப்ளூடூத்தா என்று கேளுங்கள். சாதாரண ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. மைக் திறக்காதவரை நல்ல தரத்தில் ஸ்டீரியோ வரும். டிஸ்கார்டோ விளையாட்டின் வாய்ஸ் சாட்டோ மைக்கைத் தொட்ட நொடியே இணைப்பு தொலைபேசிப் பேச்சுக்கான வழிக்குத் தாவிவிடும். அங்கே ஒலி மோனோ, தரமும் பழைய லேண்ட்லைன் போல. லாபியில் பாட்டு அருமையாகக் கேட்டது, மேட்ச் தொடங்கியதும் டப்பாச் சத்தமாகிவிட்டது என்பவர்களின் கதை இதுதான். தீர்வு: ஹெட்செட்டின் மைக்கை விட்டுவிட்டு, லேப்டாப்பின் மைக்கையோ தனி யூஎஸ்பி மைக்கையோ டிஸ்கார்டிலும் விளையாட்டிலும் தேர்ந்தெடுங்கள். எல்ஈ ஆடியோ உள்ள புதிய ஹெட்செட்களில் இந்தத் தொல்லை தீரும், ஆனால் கணினியும் அதை ஆதரிக்க வேண்டும். போட்டி ஆட்டத்துக்கு நான் வயர்தான் போடச் சொல்வேன். ப்ளூடூத்தில் சத்தம் வந்து சேரும் தாமதமும் சேர்ந்துகொள்கிறது.

வயர் ஹெட்செட்டில் இதன் விசித்திரமான இன்னொரு வடிவம் உண்டு. சத்தம் குகைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். பாட்டுப் போட்டால் இசை கேட்கும், பாடுபவர் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் உள்ள போன் வகை பின்னை, கணினியின் தனி ஹெட்போன் துளையில் செருகும்போது இது நடக்கும். தரைக் கம்பி சரியாகத் தொடாததால், இரண்டு காதுக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, வேறுபாடு மட்டும் மிஞ்சுகிறது. பின்னை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்துப் பாருங்கள். குரல் திடீரென்று திரும்பி வந்தால் நோய் அதுவேதான். ஹெட்போனையும் மைக்கையும் இரண்டு பின்னாகப் பிரித்துத் தரும் சின்ன ஒய் வயர் வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

இடதும் வலதும் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் தலைகீழாக இருக்கிறதா? ஹெட்செட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள். நான் ஒரு வாரம் அப்படி ஆடியிருக்கிறேன்.

அறிகுறி: இடது வலது சரி, முன் பின் மட்டும் குழம்புகிறது

சித்தி பையனின் பிரச்சினை இது. எனக்குத் தெரிந்து, கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோருடைய பிரச்சினையும் இதுதான்.

இடமிருந்து வரும் சத்தம் இடது காதை முதலில் எட்டும், வலது காதைச் சற்றுப் பின்னால் எட்டும். அதிகபட்ச வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் முக்கால் பங்குக்கும் குறைவு. மூளைக்கு அது போதும். ஆனால் நேர் முன்னால் இருப்பவனும் நேர் பின்னால் இருப்பவனும் இரண்டு காதுக்கும் ஒரே தூரம். நேர வித்தியாசம் இல்லை, அளவு வித்தியாசமும் இல்லை. அப்போது மூளை நம்புவது காது மடலை. மடலின் மேடு பள்ளங்கள், முன்னிருந்து வரும் ஒலியையும் பின்னிருந்து வரும் ஒலியையும் வேறு வேறு விதமாகச் சாயம் பூசி உள்ளே அனுப்புகின்றன. முக்கியமாக 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே.

ஹெட்போன் போட்டதும் இந்த வேலை நடப்பதில்லை. அதைக் கணக்குப் போட்டுச் செயற்கையாகச் செய்வதற்குத்தான் எச்ஆர்டிஎஃப் என்று பெயர். வாலரண்டில் இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. சிஎஸ்2-வில் ஸ்டீம் ஆடியோ வழியாக உள்ளேயே நடக்கிறது. அதாவது, எதிரி எந்த மூலையில் நிற்கிறான் என்று துல்லியமாகத் தெரிந்த விளையாட்டே, உங்கள் இரண்டு காதுக்குமான ஒலியைத் தயார்செய்து தந்துவிடுகிறது.

இப்போது ஹெட்செட்டின் 7.1 மென்பொருளைப் பாருங்கள். பெரும்பாலான 7.1 ஹெட்செட்களில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கும். மென்பொருள் உங்களைச் சுற்றி ஏழு கற்பனை ஸ்பீக்கர்களை நிறுத்தி, அவை ஒலிப்பதுபோல நடிக்கிறது. விளையாட்டு அனுப்பும் ஏற்கெனவே தயாரான ஸ்டீரியோவை அது வாங்கி, முன்னால் இடமும் வலமும் நிற்கும் இரண்டு கற்பனை ஸ்பீக்கர்களில் வைத்து ஒலிக்கவிடும். இடது காதுக்கு மட்டும் என்று வந்த சத்தம், இப்போது முன்னால் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருவதாக மாறி, வலது காதுக்கும் கொஞ்சம் கசிகிறது. பின்னாலிருந்து வந்த காலடிக்குப் "பின்" என்று பூசிய சாயத்தின் மேல் "முன்" என்ற சாயம் ஏறுகிறது. மூளை எதைத்தான் நம்பும்?

இரட்டைச் செயலாக்கத்தை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் சொந்தக் காலடியும் துப்பாக்கிச் சத்தமும் குளியலறையில் கேட்பதுபோல லேசாக எதிரொலிக்கும். எல்லாச் சத்தமும் நெற்றிக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் குவிந்த மாதிரி இருக்கும். கேட்க "பிரமாண்டமாக" இருப்பதால் நல்லது என்றே தோன்றும்.

செய்ய வேண்டியது இதுதான்:

1. ஹெட்செட் மென்பொருளில் 7.1, சரவுண்ட் என்று எது இருந்தாலும் அணையுங்கள். வயரிலேயே 7.1 பொத்தான் இருந்தால் அதையும்.
2. விண்டோஸில் Settings, System, Sound, உங்கள் ஹெட்செட்டின் பெயர். அங்கே `Spatial audio` பகுதியில் `Off`. விண்டோஸ் சோனிக், டால்பி அட்மாஸ், டிடிஎஸ் எதுவும் வேண்டாம்.
3. வாலரண்டில் ஆடியோ அமைப்பில் `Speaker Configuration` என்பதை `Stereo` ஆக வைத்து, `Enable HRTF` இயக்குங்கள்.
4. விளையாட்டை முழுதாக மூடித் திறந்து, மறுபடி 20 சோதனை.

சித்தி பையனின் கணினியில் ஹெட்செட் மென்பொருளின் 7.1, அதன் மேல் விண்டோஸ் சோனிக், அதற்கும் உள்ளே விளையாட்டின் எச்ஆர்டிஎஃப் என்று மூன்று அடுக்கு. இரண்டை அணைத்ததும் அவன் சொன்னது: "என்னண்ணா சத்தம் சின்னதாயிடுச்சு, சப்புன்னு இருக்கு." ஆமாம், அப்படித்தான் இருக்கும். சோதனை போட்டோம். 20-க்கு 15. முன் பின் பத்தில் ஆறு.

பத்தில் ஆறு என்றால் இன்னும் பாதி வழிதான். மீதியை அமைப்புகளால் மட்டும் வாங்க முடியாது. விளையாட்டில் உள்ள எச்ஆர்டிஎஃப் ஒரு சராசரித் தலைக்கும் சராசரிக் காதுக்கும் செய்தது. உங்கள் காது வேறு. மூளை அந்தக் கடன் வாங்கிய காதுக்குப் பழகச் சில நாட்கள் பிடிக்கும். தினமும் ஓர் அமைப்பை மாற்றிக்கொண்டே இருந்தால் எதற்கும் பழகாது. குறைந்தது ஒரு வாரம் தொடாமல் விடுங்கள்.

அதுவரை கைகொடுப்பது மவுஸ். நேர் முன்னா நேர் பின்னா என்று சந்தேகம் வந்தால், பார்வையைச் சட்டென்று வலப்பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். முன்னால் இருப்பவனின் சத்தம் இடது காதுப் பக்கம் நகரும். பின்னால் இருப்பவனுடையது வலது காதுப் பக்கம் நகரும். நிஜ வாழ்க்கையில் தலையைத் திருப்பி நாம் செய்வதே இது. அஸென்ட் மேப்பில் பி தளத்தில் நின்று பி மெயினைப் பார்த்துக் காவல் காக்கும்போது, முதுகுப் பக்கம் ஸ்பானிலிருந்து எவனாவது சுற்றி வருகிறானா என்பதைச் சித்தி பையன் இப்படித்தான் இப்போது பிடிக்கிறான்.

அப்படியானால் விர்ச்சுவல் சரவுண்ட் எதற்குமே உதவாதா? உதவும். விளையாட்டுக்குள் எச்ஆர்டிஎஃப் இல்லை, ஆனால் 7.1 சேனல்களாக ஒலியைப் பிரித்து அனுப்பத் தெரியும் என்றால், அப்போது அந்த ஏழு கற்பனை ஸ்பீக்கர்களுக்கும் வேலை உண்டு. விளையாட்டின் ஒலி அமைப்பில் 7.1 தேர்ந்தெடுத்து, ஹெட்செட் மென்பொருளையோ விண்டோஸ் சோனிக்கையோ, இரண்டில் ஒன்றை மட்டும், இயக்குங்கள். ஃபோர்ட்நைட்டில் `3D Headphones` என்று இருப்பதுபோல, ஹெட்போனுக்கென்றே ஏதாவது ஒரு சுவிட்ச் விளையாட்டுக்குள் இருந்தால் அதற்கே முதலிடம், வெளியில் உள்ளதெல்லாம் அணைந்திருக்கட்டும்.

அறிகுறி: மேலேயா கீழேயா தெரியவில்லை

சிஎஸ்2-வின் நியூக் மேப்பில் ஏ தளத்துக்கு நேர் கீழே பி தளம். காலடி கேட்கும், எந்த மாடி என்று தெரியாது. இதற்கு நான் தரும் பதில் ஏமாற்றமாகவே இருக்கும். உயரத்தைச் சொல்வது முழுக்கக் காது மடலின் சாயம். அது ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுவதால், சராசரிக் காது இங்கேதான் அதிகம் தோற்கிறது. மேலே சொன்ன இரட்டைச் சரவுண்டை எடுத்துவிட்டால் கொஞ்சம் மேம்படும். அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றியோ இறக்கியோ வைத்திருந்தால் அதைச் சமமாக்குங்கள், அந்தச் சாயம் இருப்பதே அங்கேதான். அதற்கு மேல், எதன் மீது நடக்கிறான் என்று கேட்பதே நம்பகமான வழி. இரும்புத் தகடா, கான்கிரீட்டா, காற்றுக்குழாயா என்பது காதுக்கு உடனே தெரியும். மேப்பில் எது எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிஎஸ்2-வில் `L/R Isolation`, `Perspective Correction` என்று இரண்டு உண்டு. முதலாவதை ஏற்ற ஏற்ற இடது வலது கூர்மையாகப் பிரியும், ஆனால் ஒலி இயல்பாகச் சுற்றி இருக்கும் உணர்வு குறையும். இரண்டாவது, திரையில் தெரியும் காட்சிக் கோணத்துக்கு ஏற்ப ஒலியின் இடத்தைச் சரிக்கட்ட முயல்கிறது. இவற்றில் "புரோ பிளேயர் வைத்திருப்பது" என்று எதையும் நகல் எடுக்காதீர்கள். ஒன்றை மாற்றி 20 சோதனை, அடுத்ததை மாற்றி 20 சோதனை.

அறிகுறி: அமைதியில் கேட்கிறது, சண்டை தொடங்கினால் அமுங்கிவிடுகிறது

இங்கேதான் ஈக்யூ வருகிறது. பலரும் தலைகீழாகப் போடுவதும் இங்கேதான்.

ஹெட்செட் மென்பொருளில் "எஃப்பிஎஸ்", "காலடி" என்றெல்லாம் பெயர் சூட்டிய ப்ரீசெட்டுகள் இருக்கும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் 2,000 முதல் 8,000 வரை மலைபோல் தூக்கியிருப்பார்கள். லாபியில் காலடி பளிச்சென்று கேட்கும். சண்டை வந்ததும் பயனில்லை, ஏனென்றால் துப்பாக்கியின் வெடிப்பும் கண்ணாடி உடைவதும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. காலடியை 6 டெசிபெல் ஏற்றினீர்கள் என்றால் துப்பாக்கியையும் 6 டெசிபெல் ஏற்றினீர்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மாறவில்லை. காது மட்டும் வலிக்கும், பத்து நிமிடத்தில் ஒலியளவைக் குறைப்பீர்கள், காலடி பழைய இடத்துக்கே போய்விடும்.

ஈக்யூவால் நிஜமாகவே சாதிக்க முடிந்தது வேறு. கனமான தாழ்ந்த ஒலிக்கு ஒரு குணம் உண்டு. தன்னைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஒலிகளை அது மூடி மறைக்கும். வெடிகுண்டின் உறுமலும் அல்டிமேட்டின் அதிர்வும் அடங்கும்போதே காலடியின் உரசல் வெளியே வரும். பாஸ் தூக்கலான ஹெட்செட்டில் இந்தத் திரை இன்னும் கெட்டி. எனவே ஏற்றுவதற்கு முன் இறக்குங்கள்.

நான் பயன்படுத்துவது ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள். நிறுவும்போது சாதனங்களின் பட்டியல் வரும், அதில் உங்கள் ஹெட்செட்டை டிக் செய்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு அதன் `config.txt` கோப்பில் எழுதி சேமித்தால் போதும், மாற்றம் உடனே காதில் கேட்கும்.

காலடி உங்கள் ஹெட்செட்டில் எங்கே நிற்கிறது என்று முதலில் தேடுங்கள். ஒலியளவைக் குறைத்துக்கொண்டு இந்த ஒரே வரியைப் போடுங்கள்:

```
Filter 1: ON PK Fc 1000 Hz Gain 8 dB Q 4
```

விளையாட்டில் ஓடிக்கொண்டே 1000 என்பதை 1500, 2000, 2500, 3000 என்று மாற்றிச் சேமியுங்கள். ஏதோ ஓர் எண்ணில் காலடியின் "சரக்" என்ற உரசல் தனியாக எழுந்து நிற்கும். அதுதான் உங்கள் எண். சித்தி பையனின் ஹெட்செட்டில் மரப் பலகை மேல் 2,800 பக்கம் வந்தது. காலடியின் "தொம்" என்ற அடிச்சத்தம் 100, 200 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். ஆனால் திசையைச் சொல்வதற்கு மேலே உள்ள உரசல்தான் உதவும் என்பதால் தொம்மை விட்டுக்கொடுக்கலாம்.

தேடும் வரியை அழித்துவிட்டு இறுதியில் அவனுக்கு வைத்தது இது:

```
Preamp: -4 dB
Filter 1: ON LSC Fc 110 Hz Gain -5 dB Q 0.70
Filter 2: ON PK Fc 250 Hz Gain -2 dB Q 1.0
Filter 3: ON PK Fc 2800 Hz Gain 3 dB Q 1.0
```

`Preamp` ஒட்டுமொத்த ஒலியையும் 4 டெசிபெல் இறக்குகிறது. முதல் ஃபில்டர் 110 பக்கத்திலிருந்து கீழே போகப் போக 5 டெசிபெல் வரை தாழ்த்துகிறது. இரண்டாவது, அந்த ஹெட்செட்டின் மூடிய கோப்பைக்குள் எழும் மந்தத்தைக் கொஞ்சம் எடுக்கிறது. மூன்றாவதில் மட்டும்தான் ஏற்றம், அதுவும் 3. இதை அப்படியே நகல் எடுக்காதீர்கள், உங்கள் ஹெட்செட் வேறு. 3 அல்லது 4 டெசிபெல்லுக்கு மேல் ஏற்றத் தேவைப்பட்டால் கோளாறு ஈக்யூவில் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடும்போது ஓர் ஏமாற்று உண்டு. எந்த அமைப்பு கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். நம் அமைப்பு ஒட்டுமொத்தமாக ஒலியைக் குறைத்திருக்கிறது. விண்டோஸ் ஒலியளவைச் சற்று ஏற்றி, வாய்ஸ் சாட்டின் அளவு முன்போலவே கேட்கும்படி சமன்செய்துவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

சிஎஸ்2-வில் தனியாக `EQ Profile` இருக்கிறது. வெளியில் ஈக்யூ போட்டிருந்தால் அதை `Natural` ஆக விடுங்கள். சரவுண்டுக்குச் சொன்ன அதே நியாயம்தான், ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்ய வேண்டாம்.

அறிகுறி: ஈக்யூ எழுதினேன், எதுவும் மாறவில்லை

இதில் நானே ஒரு மணி நேரம் தொலைத்தேன். விண்டோஸில் ஹெட்செட்டின் பக்கத்தில் `Audio enhancements` என்று ஒன்று உண்டு. "எல்லாவற்றையும் அணை" என்ற அறிவுரையைக் கேட்டு அதை `Off` செய்திருப்பீர்கள். ஈக்வலைசர் ஏபிஓ வேலை செய்வதே அந்த வழியாகத்தான். அதை அணைத்தால் இதுவும் சேர்ந்து அணையும். `Device Default Effects` என்று மாற்றுங்கள்.

அதுவும் சரியென்றால், யூஎஸ்பி ஹெட்செட்டை வேறு துளையில் செருகினீர்களா என்று யோசியுங்கள். சில ஹெட்செட்களை விண்டோஸ் அப்போது புதிய சாதனமாகப் பதிந்துகொள்ளும். சாதனப் பட்டியலில் மறுபடி டிக் செய்ய வேண்டியிருக்கும். வேலை செய்கிறதா என்று ஐயமிருந்தால் `Preamp: -30 dB` என்று போட்டுச் சேமியுங்கள். சத்தம் சுருங்கவில்லையென்றால் ஈக்யூ இணையவே இல்லை.

மாறாக, துப்பாக்கிச் சத்தத்தில் மட்டும் கரகரவென்று உடைகிறது என்றால் `Preamp` போதவில்லை. மிக அதிகமான ஏற்றம் எத்தனையோ, குறைந்தது அந்த அளவுக்கு அதை இறக்குங்கள்.

அறிகுறி: எல்லாக் காலடியும் பக்கத்திலேயே கேட்கிறது

`Loudness Equalization` இயங்குகிறது. மெல்லியதைத் தூக்கி, பெரியதை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வசதி இது. தூரத்துக் காலடி கேட்கிறது என்பதால் பலர் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கிறார்கள். ஆனால் ஒருவன் ஐந்து மீட்டரில் இருக்கிறானா இருபது மீட்டரிலா என்பதைக் காது அளவிடுவது பெரும்பாலும் சத்தத்தின் அளவை வைத்துத்தான். அதை அழித்துவிட்டு எச்சரிக்கையை மட்டும் வாங்கிக்கொள்கிறீர்கள். அதோடு, பெரிய வெடிச் சத்தத்துக்குப் பிறகு ஒரு கணம் எல்லாம் அமுங்கி மெதுவாக எழும். அந்த ஒரு கணத்தில்தானே எதிரி நகர்கிறான்! தூரம் முக்கியமில்லை, யாரோ வருகிறான் என்று தெரிந்தால் போதும் என்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நான் வைப்பதில்லை.

அறிகுறி: கூட்டாளி பேசும்போதெல்லாம் விளையாட்டுச் சத்தம் விழுகிறது

இரண்டு இடம். ரன் பெட்டியில் `mmsys.cpl` என்று அடித்தால் வரும் சாளரத்தில் `Communications` தாவல். யாராவது பேசினால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி அங்கே இருக்கலாம். `Do nothing` தேர்ந்தெடுங்கள். அடுத்து டிஸ்கார்டின் வாய்ஸ் அமைப்பில் `Attenuation` என்பதைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடுங்கள். அப்படியும் பேச்சு மூடுகிறதென்றால் அது மனிதர் சம்பந்தப்பட்டது. அந்தக் கூட்டாளியின் ஒலியளவைத் தனியாகக் குறைக்கலாம், அவருக்குத் தெரியவேண்டியதில்லை.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, தூரத்துச் சத்தம் மட்டும் இன்னும் மங்கல்

சித்தி பையனுக்கு எல்லாம் முடித்து மறுபடி சோதித்தோம். கிட்டத்தில் 20-க்கு 17. ஆனால் வட்டத்தின் விளிம்பில் நண்பன் ஓடும்போது நான்கில் ஒன்றைத் தவறவிட்டான். கணினியில் தேட இனி எதுவும் இல்லை. தலைக்கு மேலே ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபேனின் இரைச்சல் தாழ்விலிருந்து உயரம் வரை பரவிய ஒலி. மெல்லிய காலடியை மூட இதைவிடப் பொருத்தமான திரை கிடைக்காது. வலையாகத் திறந்த முதுகுள்ள ஹெட்போன் திசைக்கு நல்லதென்று வாங்கினால், அது ஃபேனையும் உள்ளே விடும். மூடிய ஹெட்செட்டில் மெத்தை நைந்து, பக்கத்தில் இடைவெளி விழுந்திருந்தாலும் அதே கதை. கண்ணாடி போடுபவர்களுக்கு அதன் காம்பே அந்த இடைவெளியைத் திறந்துவிடும். காதுக்குள் செருகும் வயர் இயர்போன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். விலை மலிவானதாக இருந்தாலும், வெளிச் சத்தம் நிற்கும் அளவே விளிம்புக் காலடி தெளியும்.

ஃபேனை வெல்ல ஒலியளவை ஏற்றுவதுதான் எல்லோரும் செய்வது. வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதைத் தாண்டி ஆடி எழும்போது காதில் "ஙொய்" என்று கேட்டால், கேட்கும் திறன் தற்காலிகமாக இறங்கியிருக்கிறது என்று பொருள். சத்தத்தால் அது முதலில் இறங்கும் இடம் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை. அவனுக்கு நாங்கள் மெனக்கெட்டு 3 டெசிபெல் ஏற்றிய 2,800-க்கு அடுத்த வீடு.

ஃபேனை இரண்டில் வைத்து, மெத்தையைத் துடைத்து மாட்டி, கடைசிச் சோதனை போட்டோம். விளிம்பில் எட்டில் ஏழு. எட்டாவதைக் கேட்டபோது அவன் தவறவிட்டதற்குக் காரணம், சித்தி சாப்பிடக் கூப்பிட்டது.